ஜெமினி ஹிட்ஸ்: அந்தப் பெரியவர் எந்தப் பாட்டுக்கு வாய் திறப்பார்?

அருந்ததி | ஜூன் 8, 2024, காலை 9:10

முகில், உங்கள் டாக்சி கதையின் முதல் வரைவைப் படித்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு மீனம்பாக்கத்தில் ஏறும் பெரியவர் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒரு வார்த்தை பேசாமல் வருகிறார். டிரைவரின் பழைய பாட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வண்டலூர் தாண்டியதும் 'மயக்கமா கலக்கமா' வருகிறது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனைவி செத்துப்போனதை முன்பின் தெரியாத ஒருவனிடம் கொட்டுகிறார்.

என்னால் நம்ப முடியவில்லை. மனதில் கிடப்பதையே ஒரு பாட்டு அப்படியே சொல்லிவிட்டால், அந்த மனிதர் வாயை இன்னும் இறுக்கித்தானே மூடிக்கொள்வார்? சொல்ல வேண்டியதைத்தான் பாட்டே சொல்லிவிட்டதே. அவர் பேச வேறு காரணம் வேண்டும்.

முகில் | ஜூன் 8, காலை 11:40

காரணம் பாட்டுதான், அருந்ததி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குரல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா வீட்டில் ரேடியோவில் ஸ்ரீனிவாஸ் வந்தால் சாப்பாட்டுத் தட்டில் கை அப்படியே நிற்கும்.

முகில் | ஜூன் 8, மதியம் 12:05

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். கை நிற்கும், சரி. ஆனால் பெரியப்பா அப்போது பேசினதே இல்லை. யாராவது பேசினால் முறைப்பார். அருந்ததி சொல்வதில் விஷயம் இருக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

இசைத்தட்டு | ஜூன் 8, இரவு 10:30

அந்தப் பாட்டை மாற்றச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் உண்டு. 1962, 'சுமைதாங்கி'. கண்ணதாசன் எழுதியது, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடியவர் பி.பி. ஸ்ரீனிவாஸ். வாய்ப்பில்லாமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த வாலி இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் சென்னையில் தங்கினார். அதை அவரே சொல்லியிருக்கிறார், பழைய பாட்டு கேட்கிற எல்லாருக்கும் தெரியும். ஆறுதல் பாட்டு என்று பெயர் எடுத்துவிட்ட ஒன்றைக் கதையில் வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று வாசகன் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

மகேஸ்வரி_திருச்சி | ஜூன் 9, காலை 6:50

டாக்சியில் என்ன பாட்டு போடலாம் என்றுதானே கேட்கிறீர்கள்? பாட்டே போடக் கூடாது. போன மாதம் கல்யாணத்துக்குப் போனபோது ஒருவர் விடிய விடியக் குத்துப்பாட்டு போட்டார், குழந்தை தூங்கவே இல்லை. போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஸ்டியரிங் | ஜூன் 9, மதியம் 2:15

நான் பதினாலு வருஷமா வண்டி ஓட்டுறேன். ஆக்டிங்ல ஆரம்பிச்சு இப்ப சொந்த வண்டி. கதைய படிச்சேன் முகில் சார். ரூட்டு கரெக்டு. ஆனா சில விஷயம் சொல்லணும்.

ஏர்போர்ட்ல நைட்டு தனியா, சின்ன பேக் ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டு, போன பாக்காம வர்ற பெரியவரு முக்கால்வாசி சாவு வீட்டுக்குப் போறவரு. இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு. பாத்த உடனே தெரியும். அப்ப நாங்க சவுண்ட கொறச்சிருவோம், இல்ல நிறுத்திருவோம். உங்க டிரைவர் எதுவும் கவனிக்காம பாட்டு மேல பாட்டா போடுறான். அவன் புதுசா?

மகேஸ்வரி மேடம், கேட்டுட்டுத்தான் போடணும், நீங்க சொல்றது சரி.

முகில் | ஜூன் 9, மாலை 4:00

இது பெரிய உதவி, ஸ்டியரிங். ஒரு சந்தேகம். ஏறும்போது ஏதாவது பேசித்தானே ஆகணும்? ஓடிபி, எங்கே இறங்கணும் என்பதெல்லாம்?

ஸ்டியரிங் | ஜூன் 9, மாலை 6:25

அதான் சார் இல்ல. ஓடிபிய வாயால சொல்லணும்னு அவசியமில்ல, போன நீட்டுனா நாங்களே பாத்து அடிச்சிக்குவோம். எறங்குற எடம் மேப்புல இருக்கு. காசு ஆப்லயே கட்டியிருப்பாரு. முன்ன கால் டாக்சி காலத்துல அட்ரஸ் கேக்கணும், வழி கேக்கணும், எறங்குறப்ப சில்லறைக்கு அலையணும். அந்தச் சாக்குலயே அரமணி நேரம் பேச்சு ஓடும். இப்ப ஒருத்தர் மெட்ராஸ்லேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் வாயத் தொறக்காமலே வந்து எறங்கிப் போயிரலாம். நெறைய பேரு போறாங்க.

அருந்ததி | ஜூன் 9, இரவு 8:40

முகில், உங்கள் கதையின் அஸ்திவாரம் இதுதான். பெரியவர் ஊமை போல வருவதற்கு அவருடைய சோகம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டாம். பேச வேண்டிய அவசியமே இல்லாத பயணம் அது. பேச்சு எங்கே நுழையும்? பரனூர் சுங்கச்சாவடியில் வைக்கலாமா? வண்டி நிற்கும், கண்ணாடி இறங்கும், சில்லறை தேடுவார்கள்.

ஸ்டியரிங் | ஜூன் 9, இரவு 9:05

இப்ப ஃபாஸ்டேக் மேடம். 2021 பிப்ரவரியிலேர்ந்து கட்டாயம். வண்டி மெதுவாப் போவும், கேட்டு தூக்கும், அவ்ளோதான். கண்ணாடி எறக்க மாட்டோம். கத அதுக்கு முந்தி நடக்குதுன்னா சில்லற தேடலாம்.

முகில் | ஜூன் 10, காலை 7:20

கதை நடப்பது இப்போதுதான். பின்னால் தள்ள மனமில்லை. பேச அவசியமே இல்லாத காலத்தில் ஒருவர் பேசுகிறார் என்பதுதான் இனி எனக்குக் கதை.

சரவணப்பெருமாள் | ஜூன் 10, காலை 10:00

என் அனுபவத்தைச் சொல்கிறேன், இழைக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வராது. ஆனால் பழைய பாட்டு போட்டால் வார்த்தையோடு கூடவே பாடுவார். ஸ்பீச் தெரபிஸ்ட், இப்படிப் பலருக்கு உண்டு என்றார். நாங்கள் பாட்டைப் போட்டுப் போட்டு, இதோ பேசிவிடுவார் என்று காத்திருந்தோம். பாட்டு முடியும், அப்பாவும் நிறுத்திவிடுவார். பாட்டுக்குள் வந்த வார்த்தை வெளியே வரவில்லை. பாட்டு பேச வைக்கும் என்று நீங்கள் இவ்வளவு உறுதியாக எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

முகில் | ஜூன் 10, இரவு 11:15

சரவணப்பெருமாள், உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இன்று முழுக்க எதுவும் எழுதவில்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

பாட்டோடு சேர்ந்து பாடுவது வேறு, ஒரு மனிதரிடம் பேசுவது வேறு. முதல் வரைவில் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். பேசுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சொல்ல ஏதாவது ஒன்றும் வேண்டும். என் பெரியவருக்கு அந்த டிரைவரிடம் சொல்ல என்ன இருக்கிறது?

முகில் | ஜூன் 11, காலை 5:50

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். டிரைவர் பாட்டைப் பற்றித் தப்பாக ஒன்று சொல்ல வேண்டும்.

பெரியப்பா ரேடியோ நேரத்தில் வாயே திறக்க மாட்டார் என்றேன் இல்லையா. ஒரே ஒரு விலக்கு உண்டு. யாராவது பாடகர் பெயரையோ படத்தின் பெயரையோ மாற்றிச் சொல்லிவிட்டால் உடனே திருத்துவார். கோபமாக இருந்தாலும், உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாலும் திருத்துவார். துக்கத்தைச் சொல்ல அந்தத் தலைமுறை ஆண்கள் பலருக்கு வாய் வராது. சரியான பெயரைச் சொல்ல வரும்.

ஜெமினி கணேசனுக்கு ஸ்ரீனிவாஸ் பாடியதை, டிரைவர் ஏ.எம். ராஜா என்கிறான். பெரியவர் "ஸ்ரீனிவாஸ்" என்கிறார். அதுதான் முதல் வார்த்தை. பாட்டு 'காலங்களில் அவள் வசந்தம்'.

கோபி_70எம்எம் | ஜூன் 11, காலை 9:30

யோசனை நல்லாயிருக்கு, ஆனா இந்தப் பாட்டுக்கு அந்தக் குழப்பம் வராதே? 'பாவ மன்னிப்பு' 1961. ராஜா 1959இல் 'கல்யாண பரிசு'க்கு இசையமைத்துப் பாடியதோடு ஒதுங்கிவிட்டார். அதற்கப்புறம் ஜெமினிக்கு எல்லாமே ஸ்ரீனிவாஸ்தான். வருடம் தெரிந்தவன் குழம்ப மாட்டான்.

இசைத்தட்டு | ஜூன் 11, பிற்பகல் 1:45

கோபி, 'கல்யாண பரிசு' நீங்கள் சொன்ன வருடம்தான். ஒதுங்கினார் என்பதுதான் பொருந்தவில்லை. ஸ்ரீதரின் 'தேன் நிலவு'ம் 1961தான். இசை ஏ.எம். ராஜா, 'பாட்டு பாடவா' அவரே பாடினார், திரையில் ஜெமினி. ஆக ஒரே வருடத்தில் அதே நடிகருக்கு இரண்டு பேரும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ரேடியோவில் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டையும் கலந்து சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முகில் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார்.

காது பழகிவிட்டால் பிரித்துவிடலாம். ராஜாவின் குரல் மெல்லியது, மேலே போகும்போது இன்னும் இளகும். ஸ்ரீனிவாஸுக்கு அழகெல்லாம் கீழ் ஸ்வரங்களில். கீழே இறங்கும்போது குரல் கனத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகும். காரில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் முதலில் காணாமல் போவதும் அந்தக் கீழ்ப்பகுதிதான். டயர் சத்தமும் ஏசி சத்தமும் அதை மூடிவிடும். மிச்சம் இருப்பதைக் கேட்டால் ராஜா மாதிரி தோன்றலாம்.

ஸ்டியரிங் | ஜூன் 11, மாலை 5:10

இன்னொண்ணு. எங்க வண்டிங்கள்ல பாட்டு எல்லாம் பென்டிரைவ். மொபைல் கடையில குடுத்தா ஏத்திக் குடுப்பான், ஜெமினி ஹிட்ஸ், எம்ஜியார் தத்துவம்னு ஃபோல்டர் போட்டு. பாடுனவங்க பேரு பாதி தப்பா இருக்கும். ஸ்டீரியோ டிஸ்ப்ளேல

Kalangalil Aval Vasantham - AM Raja.mp3

அப்டின்னு ஓடும். நாங்க அதப் பாத்துத்தான் சொல்லுவோம். என் வண்டியில சுசீலா பாட்டெல்லாம் ஜானகின்னு ஓடுது.

அப்புறம் எந்தப் பாட்டுக்குப் பின்னால எந்தப் பாட்டுன்னு நாங்க வைக்கிறதில்ல. நெறைய ஸ்டீரியோவுல கடைக்காரன் எத மொதல்ல காப்பி பண்ணானோ அதுதான் மொதல்ல வரும். நீங்க டிரைவரு பாத்துப் பாத்து அடுக்குன மாதிரி எழுதியிருக்கீங்க.

அருந்ததி | ஜூன் 11, இரவு 7:30

இதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், முகில். டிரைவர் டிஸ்ப்ளேயை வாசிக்கிற ஆளாகிவிட்டால் அந்தப் பாட்டுகளுக்கும் அவனுக்கும் என்ன உறவு? பிறகு எந்த டிரைவராக இருந்தாலும் இந்தக் கதை நடந்துவிடும்.

ஸ்டியரிங் | ஜூன் 11, இரவு 10:50

பேரு தெரியலன்னா உறவு இல்லையா மேடம்? ராத்திரி ரெண்டு மணிக்கு ரிட்டர்ன் டிரிப் கெடைக்காம காலி வண்டி ஓட்டிக்கிட்டு வர்றப்ப தூக்கம் வராம பாத்துக்கிட்டது அந்தப் பாட்டுதான். எந்தப் பாட்டு எங்க ஏறும் எங்க எறங்கும்னு எனக்கு மனப்பாடம். பாடுனது யாருன்னு கேட்டா டிஸ்ப்ளேயத்தான் பாப்பேன்.

அருந்ததி | ஜூன் 11, இரவு 11:05

இதை முகில் கதையில் எழுதினால் என் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

முகில் | ஜூன் 13, காலை 6:30

இரண்டு ராத்திரி உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதினேன். நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீனம்பாக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு அந்த ராத்திரி நேரத்தில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஒரு பாட்டு மூன்றரை நிமிடம் என்றால் பத்துப் பாட்டு ஓடியிருக்கும். பத்தாவது பாட்டில் பேச்சு வருகிறது. அதற்கு முன் எதுவும் நடக்காது, சத்தம் குறைவதைத் தவிர.

"ஏறினதிலிருந்து அவர் சீட்டில் சாயவே இல்லை. வேலு கண்ணாடியில் பார்த்துவிட்டு சத்தத்தை எட்டுக்குக் குறைத்தான். வண்டலூர் பாலத்துக்கிட்ட ஐந்துக்கு. ஊரப்பாக்கத்தில் நிறுத்திவிடலாமா என்று கை போனது, ஆனால் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. ராத்திரி காலி வண்டியில் வரும்போதெல்லாம் இதற்காகவே அவன் வேகத்தைக் குறைப்பான். நிறுத்த மனம் வரவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. டிஸ்ப்ளேயைப் பார்த்து, 'ஏ.எம். ராஜா பாட்டு சார், தொந்தரவா இருந்தா ஆஃப் பண்ணிர்றேன்' என்றான்.

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. பல்லவி முடியும்வரை ஒன்றும் இல்லை. பல்லவி முடிந்து வாத்தியங்கள் வந்ததும், 'ஸ்ரீனிவாஸ்' என்றார்.

'சார்?'

'பாடறது ராஜா இல்ல தம்பி. பி.பி. ஸ்ரீனிவாஸ். கொஞ்சம் சத்தமா வை, கீழ எறங்கறப்ப தெரியும்.'"

இசைத்தட்டு | ஜூன் 13, காலை 8:15

பல்லவி முடியட்டும் என்று காத்திருந்து இடையிசையில் பேசினார் பாருங்கள், அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு நன்றி. பாட்டு கேட்கத் தெரிந்தவன் பாடகனின் குரல் மேல் பேச மாட்டான். அந்த மனிதர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

கோபி_70எம்எம் | ஜூன் 13, காலை 11:00

மூன்றரை நிமிடக் கணக்கு சரிதான். சினிமாவில் காட்சி நீளாமல் இருக்க டைரக்டர்கள் அப்படி வைத்தார்கள்.

இசைத்தட்டு | ஜூன் 13, இரவு 9:20

டைரக்டரைவிட இசைத்தட்டுக்குத்தான் அதில் பங்கு அதிகம், கோபி. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். நீண்ட பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறார்கள். படத்தில் கேட்பதும் தட்டில் கேட்பதும் சில பாட்டுகளில் நீளத்தில் வேறுபடும். வேலுவின் பென்டிரைவில் இருப்பது பெரும்பாலும் தட்டில் வந்த வடிவமாக இருக்கும்.

முகில், இன்னொரு கேள்வி. இவ்வளவு தெரிந்தவர் என்றால் பெரியவர் யார்?

முகில் | ஜூன் 14, காலை 6:10

மெல்லிசைக் குழுவில் பாடியவர். எழுபதுகளில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று போகும் குழுக்களில் ஒருவர் டி.எம்.எஸ். குரலுக்கு, இன்னொருவர் ஸ்ரீனிவாஸ் குரலுக்கு என்று ஆள் வைத்திருப்பார்கள். என் பெரியவர் அந்த இரண்டாவது ஆள். அதனால்தான் "ராஜா" என்றதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அது அவர் நின்ற இடம். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது குழுவைப் பற்றிச் சொல்கிறார். மைக் ஒன்றே ஒன்று, டூயட்டில் பாடகியும் அவரும் மாறி மாறி முன்னால் வர வேண்டும், டி.எம்.எஸ். பாட்டுக்குக் கிடைக்கும் விசில் இவருக்குக் கிடைக்காது. இதையெல்லாம் சொல்கிறார். எதற்காகச் செங்கல்பட்டு போகிறார் என்பதைச் சொல்வதில்லை.

கோபி_70எம்எம் | ஜூன் 14, காலை 10:40

ஒரு யோசனை. ஏ.எம். ராஜா 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார் இல்லையா. பெரியவரை வள்ளியூர்க்காரராக்கி, அன்று அவர் அங்கே இருந்ததாக வைத்தால்? ராஜா பெயரைக் கேட்டதும் வாய் திறக்க வலுவான காரணம்.

முகில் | ஜூன் 14, மதியம் 12:30

வேண்டாம் கோபி. அப்படி வைத்தால் அந்தப் பெயர் தற்செயலாக வந்தது போலவே இருக்காது, நான் கொண்டுவந்து வைத்தது தெரியும். இப்போது அந்தப் பெயரைக் கொண்டுவந்தது ஒரு மொபைல் கடைக்காரரின் கவனக்குறைவு, அது போதும். ஒரு பெரிய பாடகரின் சாவைத் திருப்பத்துக்காக எடுத்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

அருந்ததி | ஜூன் 14, இரவு 8:00

போகும் காரணத்தை மறைப்பதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. முதல் வரைவில் மனைவியின் சாவு கொட்டியது, அது அதிகம். இப்போது ஒன்றுமே இல்லை. வாசகர் பாதி ராத்திரி அந்தக் காரில் உட்கார்ந்துவிட்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல் இறங்க வேண்டுமா?

சரவணப்பெருமாள் | ஜூன் 14, இரவு 9:45

எனக்கு இப்படியே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அவர் பேசினார், அது போதும். எதைப் பேசினார் என்பது அவர் விருப்பம். (அப்பா நன்றாக இருக்கிறார், முகில். கேட்டதற்கு நன்றி. பேச்சு இன்னும் வரவில்லை. நேற்று பாட்டு நடுவில் நான் வேண்டுமென்றே வரியைத் தப்பாகப் பாடினேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இல்லை என்று.)

முகில் | ஜூன் 14, இரவு 10:20

சரவணப்பெருமாள், தெரபிஸ்டிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த தடவை போகும்போது.

ஸ்டியரிங் | ஜூன் 15, காலை 7:00

அருந்ததி மேடம் கேட்டதுக்கு நான் சொல்றேன். சாவு வீடுன்னா எறங்குற எடத்துலயே தெரிஞ்சிரும். தெருவுல பந்தல் போட்டிருக்கும், சேர் போட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க, ராத்திரி ஒரு மணின்னாலும் லைட் எரியும். பாட்ட தெரு மொனையிலயே நிறுத்திருவோம். அவரு வாயால சொல்லவே வேணாம், வேலு நிறுத்துனான்னு எழுதுங்க, படிக்கிறவங்களுக்குப் புரிஞ்சிரும்.

அருந்ததி | ஜூன் 15, காலை 8:25

எனக்கு இது சம்மதம்.

இசைத்தட்டு | ஜூன் 15, காலை 9:50

எனக்குச் சம்மதமில்லை. நிறுத்தினால் பாட்டு மறுபடியும் துக்கத்துக்கு எதிரான பொருளாகிவிடும். அந்த மனிதர் மேடையில் பாடியவர், பாதிப் பாட்டில் நிறுத்துவதைத் தாங்க மாட்டார். முனையிலேயே வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

ஸ்டியரிங் | ஜூன் 15, காலை 10:10

மூணு நிமிஷம் வெயிட்டிங் போட மாட்டோம், அது ஒண்ணும் பிரச்சன இல்ல. ஆனா வீட்டுல ஆளுங்க வண்டியப் பாத்துட்டு எழுந்து வந்துருவாங்களே சார்?

முகில் | ஜூன் 15, காலை 11:30

இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன். ஸ்டியரிங், செங்கல்பட்டில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பும் இடத்திலிருந்து ஒரு குடியிருப்புத் தெருவுக்கு ராத்திரியில் எத்தனை நிமிடம் ஆகும்? கடைசிப் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று அதை வைத்துத்தான் முடிவு பண்ண முடியும்.